ஒரு யன்னலுக்கு இரண்டு நித்திரை

எங்கள் வீட்டுக்கு ஒரேயொரு யன்னல். வீடு என்று பழக்கத்தில் சொல்கிறேன். அது ஓர் அறை. ஒரு பக்கம் கட்டில், மறுபக்கம் அடுப்பும் பாத்திரம் கழுவும் தொட்டியும், கதவுக்கு அருகே காற்றும் வெளிச்சமும் போகாத ஒரு குளியலறை. பாரிஸின் லா சப்பலில், மேம்பாலத்தில் ஓடும் மெத்ரோவுக்கு நேரெதிரே இருக்கிறது. ரயில் மெதுவாக வரும்போது பெட்டிக்குள் நிற்பவர்களின் முகங்கள் தெரியும். யன்னலுக்கு வெளியே மடித்து மூடுகிற இரும்பு மறைப்பு உண்டு. இங்கே எல்லோரும் அதை வொலே என்பார்கள். அதை இழுத்துக் கொக்கியை மாட்டிவிட்டால் நண்பகலிலும் அறைக்குள் சுவர் எது, அலுமாரி எது என்று தெரியாது.

அந்த வொலேயைப் பார்த்துத்தான் என் கணவர் அறையை எடுத்தவர். அவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. கடைசி மெத்ரோவில் போய், மா பிசைந்து, பாண் சுட்டு, கடையில் காலைக் கூட்டம் குறைந்த பிறகு வீடு வருவார். ஊர் முழுக்க விழித்திருக்கும் நேரத்தில் அவர் படுக்கவேண்டும். நான் அப்போது ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்தேன். அவர் வருவதற்கு முன் நான் போய்விடுவேன். ஒரே கட்டிலை இருவரும் முறை வைத்துப் பாவித்தோம். சனி, ஞாயிறுகளில் மட்டும் நான் அந்த இருட்டில் அவர் எழும்பும்வரை கைபேசி வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருப்பேன். அது எனக்குப் பெரிய குறையாகத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அம்மா அப்பாவுக்கு வந்த எல்லாக் கடிதங்களையும் சிறு வயதிலிருந்தே வாசித்துச் சொன்னவள். எந்த இடத்திலும் எந்த வெளிச்சத்திலும் என்னால் வாசிக்க முடியும்.

மகள் குளிர்காலத் தொடக்கத்தில் பிறந்தாள். புறநகரான வில்லியே லே பெல்லிலிருந்து அம்மா வந்து, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு முடியும்வரை எங்களோடு தங்கினார். துடக்கு வீட்டுக்கு உரிய எல்லாவற்றையும் அவர் அந்த ஓர் அறைக்குள் கொண்டுவந்தார். பிள்ளை பெற்றவளுக்கு அரைக்கிற காயச் சரக்கு, வெந்நீர், வேப்பிலைக்குப் பதிலாகக் கடையில் வாங்கிய ஏதோ ஓர் இலை. முதலில் செய்த வேலை வொலேயை மூடியது.

"காத்துப் படக்கூடாது."

"அம்மா, கண்ணாடி பூட்டித்தானே இருக்கு. காத்து எங்காலை வரும்?"

"காத்து வராட்டிலும் கண் வரும். ரெயிலுக்கை போறவனெல்லாம் பிள்ளையைப் பாத்துக்கொண்டு போறான். ஒருத்தன் கையும் காட்டினவன்."

எனக்குக் கண்ணூறில் நம்பிக்கை இல்லை. ஆனால் நான் மறுக்கவும் இல்லை. இருட்டில் குழந்தைகள் கூடுதல் நேரம் தூங்கும் என்று நான் வாசித்திருந்தேன். கணவருக்கும் இருட்டு வேண்டும். அம்மாவுக்கு ஒரு காரணம், எனக்கு ஒரு காரணம், அவருக்கு ஒரு காரணம். யாருக்கும் யாரோடும் சண்டை இல்லாமல் அந்த அறை பகல் முழுக்க மூடிக் கிடந்தது. பாரிஸில் அந்த மாதங்களில் வெளியேயும் பெரிய வெளிச்சம் இல்லை.

பிள்ளை தூங்கினாள் என்றால் அப்படித் தூங்கினாள். தகப்பன் காலையில் வந்து கட்டிலில் விழ, அவள் கட்டிலின் காலடியில் தன் தொட்டிலில் கிடப்பாள். இருவரும் ஒரே மூச்சில் பின்னேரம்வரை போவார்கள். பால் கொடுக்க நானாக எழுப்பவேண்டும். தொலைபேசியில் கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா பெருமையாகச் சொன்னார்: "தேப்பனைப் போலை. படுத்தா எழும்பாது."

இரவில் அவளும் தகப்பனைப் போல வேலைக்குப் போனாள். அவர் வாசலைத் தாண்டியதும் இவள் கண்ணைத் திறப்பாள். அழுகை என்றுகூடச் சொல்ல முடியாது. விழித்துக் கிடப்பாள். தூக்கச் சொல்வாள், குடிப்பாள், கையைக் காலை ஆட்டுவாள், விடிய விடியப் பேச ஆள் தேடுவாள். அம்மா இருந்தவரை மாறி மாறித் தூக்கினோம். அம்மா போன பிறகு நான் தனி. பகலில் அவர்கள் தூங்கும்போது நானும் தூங்கியிருக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் தூங்கும்போதுதான் துணி தோய்க்கவேண்டும், சமைக்கவேண்டும், அதுவும் சத்தமில்லாமல், குளியலறை விளக்கின் கீற்றில். ஒரு நாள் அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு நின்றபடியே தூங்கிவிட்டேன். கரிந்த மணம் வந்து அவர்தான் எழும்பி நிறுத்தினார். திரும்பப் போய்ப் படுத்தார்.

தாய் சேய் நிலையத்தில் குழந்தையை நிறுக்கப் போனபோது தாதி கேட்டார், பகலில் எப்படித் தூங்குகிறாள் என்று. பாராட்டு வரும் என்று எதிர்பார்த்துச் சொன்னேன்: "மிக நன்றாக. முழு இருட்டில். எழுப்பினால்தான் எழும்புவாள்."

"இரவில்?"

என் முகத்தைப் பார்த்தே அவர் விளங்கிக்கொண்டார்.

அந்தப் பெண் நல்லவர். என்னை முட்டாளாக்காமல் விளக்கினார். பிறந்த குழந்தையின் உடம்புக்கு எது பகல், எது இரவு என்று தெரியாது. மெல்ல மெல்லத்தான் அது பழகும். பழக்குவதில் பெரிய பங்கு வெளிச்சத்துக்கு. பகல் முழுக்க இருட்டு, இரவில் பால் கொடுக்க விளக்கு என்றால் அவள் எதை வைத்துப் பழகுவாள்? "பகல் தூக்கத்தைப் பகல் வெளிச்சத்திலேயே விடுங்கள்," என்றார். "மறைப்பைத் திறவுங்கள். நேர் வெயில் முகத்தில் விழவேண்டாம், அவ்வளவுதான். பேசுங்கள், பாத்திரம் கழுவுங்கள். தூக்கம் குறுகும், பயப்படாதீர்கள். இரவில் மட்டும் இருட்டும் அமைதியும்."

"கணவருக்குப் பேக்கரியில் இரவு வேலை. பகலில் அதே அறையில்தான் படுப்பார்."

"அவருக்குக் கட்டாயம் இருட்டு வேண்டும்," என்றார் உடனே. "வெளிச்சத்தில் படுத்தால் அவர் நீண்ட நேரம் தூங்கமாட்டார். இயந்திரத்தோடு வேலை செய்பவர் அப்படி இருக்கக்கூடாது. வேறு அறை இல்லையா?"

"இல்லை."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்தது. பொய்யாக எதையும் சொல்லவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் கணவர் கறுப்புக் கண்ணாடி போட்டால் நல்லது, காலை வெளிச்சம் உடம்பை உசுப்பிவிடும் என்றார். கண்ணுக்குக் கட்டும் துணியையும் முயன்று பார்க்கச் சொன்னார். "ஆனாலும் கடினம், மதாம்," என்று முடித்தார்.

அன்று வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் கோபப்படவில்லை. "பிள்ளைக்கு எது சரியோ அதைச் செய்வம்," என்றார். மறுநாளே ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கிக்கொண்டார். தை மாதக் குளிரில், மழை இருட்டில், மாப் படிந்த சப்பாத்தோடு கறுப்புக் கண்ணாடி போட்ட மனிதன் தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ பெர்தொனேயால் நடந்து வந்தால் அந்தத் தெரு சும்மா விடுமா?

"என்ன தம்பி, கமெராக்காரர் பின்னாலை வாறாரோ?" என்றாராம் ஒரு மரக்கறிக் கடைக்காரர்.

"ஓம் அண்ணை, உங்களுக்கும் ஒரு சீன் இருக்கு. மரக்கறி நிறுக்கிற மாதிரி நில்லுங்கோ."

"நிறுக்கிற மாதிரியோ! நான் உண்மையா நிறுக்கிறவன்ரா."

இதை அவர் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டே படுத்தார். கண்ணில் துணியைக் கட்டினார். நான் வொலேயைத் திறந்தேன். அவர் சிரித்ததை அதன் பிறகு நான் அதிகம் பார்க்கவில்லை.

எல்லாம் செய்து பார்த்தோம். புடவைக் கடையில் கறுப்பு வெல்வெட் வாங்கி அறைக்குக் குறுக்கே கட்டினோம். யன்னல் பக்கம் பிள்ளை, சுவர்ப் பக்கம் அவர். துணி வெளிச்சத்தைப் பாதி தடுத்தது, சத்தத்தைத் தடுக்கவே இல்லை. வெளிச்சத்தில் பிள்ளையின் தூக்கம் சொன்னபடியே குறுகியது. கொஞ்ச நேரம் கண்ணயர்வாள், எழும்புவாள், குடிப்பாள், விளையாடுவாள், மறுபடி கண்ணயர்வாள். நல்ல அறிகுறிதான். ஆனால் அவளுடைய ஒவ்வோர் எழும்பலும் அவருக்கும் எழும்பல். கண் துணி வேர்த்து நழுவும். அவர் முழங்கையால் கண்ணை மூடியபடி கிடப்பதைத் துணியின் இடைவெளியால் பார்ப்பேன். தூங்குகிறவரின் மூச்சு அல்ல அது. எனக்குத் தெரியும்.

பிள்ளையை வெளியே கொண்டுபோய்த் தூங்கவைக்கலாம் என்றும் கண்டுபிடித்தேன். வொலேயை அவருக்காக மூடிவிட்டு, தள்ளுவண்டியில் அவளைப் போர்த்தி, தெருவில் இறங்கினேன். அசைவில் தூங்கிவிடுவாள். மேகம் மூடிய நாளிலும் வெளியே உள்ள வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு என்று தாதி சொல்லியிருந்தார். அவளுக்கு அது போதும். எனக்குத்தான் போக இடமில்லை. கால்வாய்வரை நடப்பேன். மழை வந்தால் துணி தோய்க்கும் கடையில் தோய்க்கத் துணி இல்லாமல் உட்காருவேன். திரும்ப ரூ பெர்தொனேக்கு வருவேன். நகைக்கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்ப்பேன்.

"என்ன பிள்ளை, நேற்றும் கண்டனான்," என்றார் ஒரு கடைக்கார அக்கா. "இந்தக் குளிருக்கை பச்சைக் குழந்தையோடை. வீட்டிலை ஏதும் பிரச்சினையே?"

"இல்லை அக்கா. பிள்ளை வெளிச்சத்திலை நித்திரை கொள்ளவேணும். அதுதான்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் சொன்னது முழு உண்மை. அதைவிட நம்ப முடியாத காரணத்தை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கிழமை முடிவதற்குள் வில்லியே லே பெல்லிலிருந்து அம்மா தொலைபேசி எடுத்தார். "அவர் உன்னை வீட்டை விட்டுத் துரத்துறாராம்? சனம் கதைக்குது." படித்து, வேலை எடுத்து, நானே பார்த்து மனம் ஒத்துக் கலியாணம் செய்தவள் நான். என்னைப் பற்றித் தெரு இரக்கப்படுவதை என்னால் தாங்க முடியவில்லை. அடுத்த நாளிலிருந்து வெளியே போகவில்லை. வொலேயைத் திறந்து வைத்தேன்.

சில நாட்களில் பேக்கரியில் அவர் அடுப்புத் தட்டைக் கையுறை இல்லாமல் பிடித்துவிட்டார். பெரிய காயமல்ல. உள்ளங்கை கொப்பளித்திருந்தது. முதலாளி ஒரு தடவை மன்னித்தார். "கையுறை மேசையிலை கிடந்தது," என்றார் கணவர். "எனக்குப் போட்டமாதிரி இருந்தது. அப்பிடியே தொட்டிட்டன்." மா பிசையும் இயந்திரத்தில் அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

பியர்ஃபித் புறநகரில் அவருடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருந்தார். வீட்டுக்குக் கீழே சாமான் வைக்கிற ஓர் அறை. யன்னலே கிடையாது.

"அங்கை போய்ப் படுக்கிறன், கொஞ்ச நாளைக்குத்தான். பிள்ளை பகல் இரவு பழகும் வரைக்கும்."

"போங்கோ," என்றேன். "கையைப் பாருங்கோ. போங்கோ."

தாதி சொன்னது எல்லாம் நடந்தது. வெளிச்சமும் சத்தமும் உள்ள பகல், இருண்ட இரவு. சில வாரங்களில் மகள் மாறிவிட்டாள். இரவில் பாலுக்கு எழும்பி, குடித்துக்கொண்டே உறங்கினாள். நானும் மறுபடி மனிதப்பிறவியானேன். மாலையில் அவருக்குப் படம் அனுப்பினேன்: ரயில் போகிற வெளிச்சம் சுவரில் ஓட, தொட்டிலில் அவள் வாய் பிளந்து தூங்குகிற படம். "சுகமா இருக்கிறாள்," என்று பதில் வந்தது. அவரும் சுகமாக இருந்தார். கன்னத்தில் சதை வைத்தது. விடுமுறை நாளில் வருவார், பிள்ளையைத் தூக்குவார், மீன் வாங்கிக்கொண்டு வருவார். படுக்கும் நேரம் வந்ததும் எழும்பிப் போய்விடுவார்.

பிறகு பகல் தூக்கம் கெட்டது. வசந்தம் வந்து யன்னல் முழுக்க வெயில் நிற்கத் தொடங்கிய காலம். அரைமணிக்கூடு போனதும் திடுக்கிட்டு எழும்புவாள். களைப்புத் தீர்ந்திருக்காது. கண்ணைக் கசக்குவாள், அழுவாள், எதிரே ஓடும் ரயிலைக் கண்டதும் அழுகையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். மறுபடி உறங்கமாட்டாள். மாலையில் வெடித்துப்போய் அழுவாள். நான் மறுபடி தாதியிடம் போனேன்.

"இப்போது மூடுங்கள்," என்றார்.

"மூடுவதா?"

"இப்போது அவளுக்குப் பகலும் இரவும் தெரியும். அது ஓரளவு நிலைத்துவிட்டது. ஆனால் சுற்றிப் பார்க்கவும் பழகிவிட்டாள். ஒரு சுற்றுத் தூக்கம் முடியும்போது எல்லோரும் தூக்கத்திலிருந்து கொஞ்சம் மேலே வருவோம். அந்த நேரத்தில் வெளிச்சமும் ரயிலும் கண்ணில் பட்டால் அவள் முழுதாக விழித்துவிடுவாள். அறை மங்கலாக இருந்தால் அடுத்த சுற்றுக்குப் போவாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படியல்ல. உங்கள் மகளுக்கு முயன்று பாருங்கள். எழும்பியதும் திறந்துவிடுங்கள். பின்னேரத் தூக்கத்தை நீள விடாதீர்கள், இரவு தள்ளிப்போகும்."

நான் வொலேயை மூடினேன். முதல் நாளே ஒரு மணிக்கூட்டுக்கு மேல் தூங்கினாள். அடுத்த நாள் அதைவிடக் கூட. அந்த இருட்டில் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் கட்டில் முழுக்க வெறுமையாகக் கிடந்தது. இந்த அறையில் இப்போது அவருக்கும் அவளுக்கும் ஒரே இருட்டு வேண்டும். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கணவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, இப்ப இருட்டிலைதான் படுக்கிறாள். நீங்கள் வரலாம்."

நித்திரையிலிருந்து எழுப்பிவிட்டேன் என்று குரலிலேயே தெரிந்தது. "ஆ... நல்லதுதானே," என்றார். "நாளைக்கு வந்து பாக்கிறன்."

வந்தார். காலையில் வந்து, குளித்து, படுத்தார். மகள் அவரைப் பார்த்துச் சிரித்தாள், அவளும் படுத்தாள். நான் வொலேயை மூடினேன். இருவருடைய மூச்சையும் கேட்டுக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த நல்ல நேரம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அவளுடைய தூக்கம் முடிந்தது. அவருடையது பாதிகூட ஆகவில்லை. ஆறேழு மாதப் பிள்ளை எழும்பினால் மீதிப் பகலை இருட்டில் வைத்திருக்க முடியாது. அவளுக்கு உருளவேண்டும், பார்க்கவேண்டும், வெளிச்சம் வேண்டும். வெளிச்சம் இல்லாவிட்டால் பழைய இரவுகள் திரும்பும் என்ற பயம் எனக்கு. நான் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மூடிய வொலேயின் முன் நின்றேன். அவள் கைகளால் கண்ணாடியைத் தட்டினாள். இருட்டில் அவருடைய குரல் கேட்டது.

"திறவும்."

"நீங்கள் படுங்கோ. நான் வெளியிலை கூட்டிக்கொண்டு போறன்."

"ஒவ்வொரு நாளுமோ? அந்தக் கடைக்கார அக்காவுக்கு என்ன சொல்லுவீர்?"

"என்னத்தையும் சொல்லுவன். எனக்கு இப்ப அது பெரிசில்லை."

"உமக்குப் பெரிசு," என்றார். கோபமில்லாமல் சொன்னார். "எனக்கும் பெரிசு."

நான் திறந்தேன். அவர் கட்டிலில் எழும்பி உட்கார்ந்திருந்தார். முகம் பழையபடி சாம்பலாக இருந்தது, ஒரே நாளில்.

"நான் ஒண்டு சொல்லட்டே," என்றார். "அங்கை படுக்கத் தொடங்கின பிறகுதான் எனக்கு விளங்கினது, இத்தனை வருசம் நான் நித்திரையே கொள்ளேல்லை எண்டு. அந்த அறையிலை ஒரு கீற்றும் இல்லை. படுத்தா எழும்பேக்கை பொழுது பட்டிருக்கும். என்ர உடம்பு அதைக் கேக்குது. பிள்ளையும் நீரும் என்ன செய்வியள், உங்களுக்குப் பகல் வேணும்."

"பெரிய வீடு கிடைக்கும்," என்றேன்.

"ஓம், கிடைக்கும்," என்றார். அரசு வீட்டுக்குக் கோரிக்கை போட்டு எத்தனையோ காலம் காத்திருப்பவர்களை எங்கள் இருவருக்கும் தெரியும். அவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

வேலையை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம் என்று தோழிகள் சொல்கிறார்கள். கேட்டேன். பாண் இரவில்தான் சுடப்படுகிறது. அவருக்குத் தெரிந்த தொழில் அது. என்னைத் திரும்ப வேலைக்குப் போகச் சொல்கிறார்கள். போகப் போகிறேன், குழந்தைக் காப்பகத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்ததும். அப்போது பகலில் அறை மறுபடி காலியாக இருக்கும், அவர் வந்து படுக்கலாம். அதையும் சொன்னேன். "பாப்பம்," என்றார். ஒருவர் அந்தச் சொல்லை எப்போது சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். மதியம் சாப்பிட்ட பிறகு மகளைத் தூங்கவைப்பது அவர். மடியில் போட்டுத் தட்டுவார். நான் வொலேயை மூடிவிட்டுக் கட்டிலின் மறுபக்கத்தில் சாய்ந்துகொள்வேன். இருட்டில் யாருடைய முகமும் தெரியாது. அந்த நேரத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒரு வீட்டில் இருப்பவர்கள்.

போன கிழமை மகள் உறங்கிய பிறகு மெதுவாகக் கேட்டார்:

"வழமையா எவ்வளவு நேரம் படுப்பாள்?"

தன் பிள்ளையைப் பற்றி இன்னொருவரிடம் கேட்கிற கேள்வி. நான் சொன்னேன். அவர் கைபேசியை எடுத்து, வெளிச்சம் பிள்ளையின் பக்கம் படாமல் உள்ளங்கையால் மறைத்து, பியர்ஃபித்துக்குப் போகிற ரயில் எப்போது என்று பார்த்தார்.